விருத்தாசலத்தில் ஒரு செக்கு: பத்து லட்சம் எங்கிருந்து வரும்?

தொழில்முனைவு பாடத்தின் கேள்வித்தாளில் இப்படி ஒரு கேள்வி வருவது வழக்கம்: 'சிறு நகரத்தைச் சேர்ந்த பட்டதாரிப் பெண் ஒருவர் மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்க விரும்புகிறார். அவருக்குக் கிடைக்கக்கூடிய நிதி ஆதாரங்களை விளக்குக. அவருடைய தொழில் திட்டத்தில் இடம்பெற வேண்டிய பகுதிகளை எழுதுக.'

மாணவர்கள் எழுதும் விடையையும் ஊகித்துவிடலாம். சொந்தச் சேமிப்பு, உற்றார் உறவினர், வங்கிக் கடன், அரசு மானியம், ஏஞ்சல் முதலீட்டாளர், வென்ச்சர் கேப்பிட்டல், கூட்டு நிதி என்று ஒரு பட்டியல். அடுத்து நிர்வாகச் சுருக்கம், சந்தை ஆய்வு, உற்பத்தித் திட்டம், ஆட்கள், நிதித் திட்டம் என்று இன்னொரு பட்டியல். இரண்டும் சரிதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள தொடர்பை எழுதுபவர்கள் குறைவு. எவ்வளவு பணம் தேவை, அது எந்த வகைப் பணமாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே திட்டத்தின் மற்றப் பகுதிகள்தான். இடம் மாறினால் மானியம் மாறுகிறது. விற்கும் முறை மாறினால் கடன் தொகை மாறுகிறது. வங்கி மேலாளர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் புரட்டும்போது தேடுவதும் இந்தத் தொடர்பைத்தான்.

கேள்வியில் வரும் பெண்ணின் ஊரை விருத்தாசலம் என்று வைத்துக்கொள்வோம். நிலக்கடலைக்குப் பேர்போன பகுதி அது. அங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நிலக்கடலை ரகங்கள் வி.ஆர்.ஐ. என்று ஊரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும் உள்ளூரிலேயே இருக்கிறது. மூலப்பொருளுக்கு அலைய வேண்டியதில்லை. இனி கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கீழே வரும் விலைகள் இந்தக் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. சந்தையில் அவை வாரத்துக்கு வாரம் மாறும்.

இரண்டு செக்கு, சலிக்கும் இயந்திரம், வடிகட்டி, பாட்டிலில் நிரப்பும் கருவி எல்லாம் சேர்த்து 5 லட்சம் ரூபாய். மின் இணைப்பு, தரை, கொட்டகைப் பழுது ஆகியவற்றுக்கு 1 லட்சம். ஆக, ஒருமுறை போட்டால் அங்கேயே நின்றுவிடும் முதலீடு 6 லட்சம். இதற்கு மேல், கடலை வாங்கவும் கூலி கொடுக்கவும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டிய நடைமுறை மூலதனம் 4 லட்சம். மொத்தம் 10 லட்சம்.

முதலில் இடம். மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2008 முதல் காதி கிராமத் தொழில் ஆணையத்தின் வழியாக நடக்கிறது. 2022இல் திருத்திய விதிகளின்படி உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களை இதில் எடுத்துக்கொள்கிறார்கள். பெண்கள் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். அவர்கள் தம் கையிலிருந்து 5 சதவீதம் போட்டால் போதும். தொழில் நடக்கும் இடம் ஊராட்சிப் பகுதியில் இருந்தால் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம். நகராட்சி எல்லைக்குள் இருந்தால் 25 சதவீதம்.

விருத்தாசலம் நகராட்சி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டகை பிடித்தால் மானியம் இரண்டரை லட்சம். அதே செக்கை எல்லை தாண்டி அடுத்த ஊராட்சியில் போட்டால் மூன்றரை லட்சம். தொழில் திட்டத்தில் 'அமைவிடம்' என்று இரண்டே வரியில் முடித்துவிடும் பகுதிக்கு இங்கே ஒரு லட்சம் ரூபாய் மதிப்பு இருக்கிறது. ஊருக்குள் வாடிக்கையாளர் நடந்து வருவார், ஊருக்கு வெளியே மானியம் கூடுதல். எதை எடுப்பது என்பதற்குக் காரணத்தோடு பதில் எழுதினால் அதுதான் விடை. செக்கை ஊராட்சியில் வைத்துக்கொண்டு, நகரத்தில் ஒரு சிறிய விற்பனைக் கடை வைப்பது இரண்டுக்கும் நடுவிலான வழி. அப்படிச் செய்தால் கடை வாடகையைச் செலவில் சேர்க்க மறக்கக் கூடாது.

மானியம் என்றதும் கையில் வந்து விழும் பணம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி வருவதில்லை. 10 லட்சத்தில் அந்தப் பெண் 50,000 போடுகிறார், மீதி 9.5 லட்சத்தையும் வங்கி கடனாகத் தருகிறது. மானியத் தொகையான 3.5 லட்சம் வங்கிக்கு வந்து, தொழில்முனைவோர் பெயரில் 3 ஆண்டு வைப்பாக நிற்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் பகுதிக்கும் வங்கி வட்டி போடாது. 3 ஆண்டுகள் தொழில் ஒழுங்காக நடந்திருப்பதை நேரில் சரிபார்த்த பிறகே அது கடனில் கழியும். இடையில் தொழிலை மூடிவிட்டால் மானியம் கைவிட்டுப் போகும். ஆகவே மானியத்தை வரவுப் பக்கத்தில் எழுதி, அதை வைத்து முதல் ஆண்டுச் செலவைச் சமாளித்துவிடலாம் என்று காட்டும் திட்டம் தொடக்கத்திலேயே தவறானது.

உணவுத் தொழில் என்பதால் இவருக்கு இன்னொரு வழியும் உண்டு. 2020இல் தொடங்கிய குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான மத்தியத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் கிடைக்கும். கைப்பணம் குறைந்தது 10 சதவீதம் வேண்டும். ஒரே தொழிலுக்கு இரண்டு பக்கமும் மானியம் வாங்க முடியாது. எது தோது என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து உற்பத்தி. மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க ஏறக்குறைய 2.3 கிலோ பருப்பு வேண்டும். கிலோ 120 ரூபாய் என்றால் லிட்டருக்கு 276 ரூபாய். மிஞ்சும் 1.3 கிலோ புண்ணாக்கைக் கிலோ 40 ரூபாய்க்கு விற்றால் 52 ரூபாய் திரும்பி வரும். ஆக, பருப்புச் செலவு 224. பாட்டில், லேபிள், மின்சாரம், போக்குவரத்து, கடைக்காரர் கமிஷன் எல்லாம் சேர்ந்து 36. லிட்டருக்கு 260 ரூபாய் ஆகிறது. வரி நீங்கலாகச் சராசரியாக 310 ரூபாய்க்கு விற்றால், ஒரு லிட்டர் விட்டுச் செல்வது 50 ரூபாய்.

இந்த 50 ரூபாயிலிருந்துதான் மற்ற எல்லாம் நடக்க வேண்டும். மாத வாடகை 10,000, இரண்டு ஆட்களின் சம்பளம் 28,000, சில்லறைச் செலவு 7,000. அந்தப் பெண்ணின் சொந்தச் சம்பளமாக 15,000. இந்தக் கடைசி வரியைப் பெரும்பாலான திட்டங்களில் காண முடிவதில்லை. தன் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் காட்டுவது, பின்னால் நடைமுறை மூலதனத்திலிருந்தே வீட்டுச் செலவுக்கு எடுக்க வைக்கும். தொழில் உள்ளுக்குள் கரைவது பல இடங்களில் இப்படித்தான். இவை 60,000 ரூபாய். வங்கிக்குப் போகும் வட்டியும் அசலும் சேர்த்து மாதம் 10,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 70,000. அதை 50ஆல் வகுத்தால் 1,400 லிட்டர். மாதம் 1,400 லிட்டர் விற்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இரண்டு செக்கும் நாளுக்கு 100 லிட்டர், மாதம் 25 நாள் ஓடினால் 2,500 லிட்டர் வரை எடுக்கலாம். முதல் ஆண்டில் 1,500 லிட்டர் விற்பதாக எடுத்துக்கொண்டால் மாதம் 5,000 ரூபாய் மிஞ்சும். மெல்லிய மிச்சம்தான். ஆனால் நம்பக்கூடிய எண். முதல் மாதத்திலிருந்தே முழுத் திறனில் ஓடுவதாகக் காட்டும் அறிக்கைகளை வங்கிகள் ஏராளமாகப் பார்த்திருக்கின்றன.

இனிதான் கேள்வியின் இதயமான பகுதி: 4 லட்சம் நடைமுறை மூலதனம் போதுமா?

மாதம் 1,500 லிட்டருக்கு 3,90,000 ரூபாய். நிலையான செலவு 60,000. மாதம் 4,50,000, அதாவது நாளுக்கு 15,000 ரூபாய் தொழிலுக்குள் போகிறது. போன பணம் திரும்பி வர எத்தனை நாள்? பதினைந்து நாளுக்கு வேண்டிய பருப்பை மொத்தமாக வாங்கி வைக்கிறார். எண்ணெய் தெளிய 3 நாள். பாட்டிலில் அடைத்துக் கையிருப்பில் 7 நாள். மளிகைக் கடைகளில் போட்டால் பணம் வர 20 நாள். கூட்டினால் 45 நாள். நாளுக்கு 15,000 என்றால் தேவைப்படுவது 6,75,000 ரூபாய். கையில் இருப்பதோ 4 லட்சம்.

செக்கு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கடலை வாங்கப் பணமில்லாமல் நிற்பது இதனால்தான். கணக்குப் புத்தகத்தில் லாபம் இருக்கும், கல்லாவில் காசு இருக்காது. அப்போது கந்துவட்டிக்குக் கை நீட்டினால் லிட்டருக்குக் கிடைக்கும் 50 ரூபாய் வட்டிக்கே போய்ச் சேரும். விற்பனைக் கூடத்தில் விவசாயியிடம் வாங்கும் சரக்குக்குக் கடன் சொல்ல முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வாங்கும்போது ரொக்கம், விற்கும்போது கடன் என்பது இந்தத் தொழிலின் இயல்பு.

சரிசெய்ய வழி நிதிப் பகுதியில் இல்லை. விற்பனைப் பகுதியில் இருக்கிறது. எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்கைத் தன் கடையிலேயே ரொக்கத்துக்கு விற்று, ஒரு பங்கை மட்டும் மளிகைக் கடைகளுக்குக் கடனில் கொடுத்தால், கடன் நாட்களின் சராசரி ஏறக்குறைய 7 ஆகிறது. பருப்பை வாரம் ஒருமுறை வாங்கினால் 7 நாள். தெளிய 3, கையிருப்பு 5. மொத்தம் 22 நாள். தேவை 3,30,000 ரூபாய். இப்போது 4 லட்சத்துக்குள் அடங்கி, அவசரத்துக்கு 70,000 மிச்சமும் இருக்கிறது. செக்கு அதே செக்கு, விலை அதே விலை. 'யாருக்கு, எந்த முறையில் விற்பேன்' என்று எழுதும் பகுதி கடன் தேவையைப் பாதியாகக் குறைத்துவிட்டது.

எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாகக் கேட்டு வைப்பதும் சரியல்ல. இந்த மானியத் திட்டத்தில் நடைமுறை மூலதனத்துக்குத் தரும் கேஷ் கிரெடிட் வரம்பை 3 ஆண்டுக்குள் ஒருமுறையாவது முழுமையாகத் தொட வேண்டும். பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அதற்கேற்ற மானியப் பங்கைத் திரும்பப் பெறுவார்கள்.

எந்தப் பணத்தை எதற்குப் போடுவது என்பதும் இங்கே தெளிவாகிறது. பல ஆண்டு உழைக்கும் செக்குக்குப் பல ஆண்டில் திருப்பும் டேர்ம் லோன். மூன்று வாரத்தில் சுற்றி வரும் கடலைக்கு, எடுத்து எடுத்துக் கட்டும் கேஷ் கிரெடிட். வங்கி கணக்கில் சேர்க்காத முதல் மாத அலைச்சல், உரிமக் கட்டணம், சோதனை ஓட்டத்தில் வீணாகும் சரக்கு ஆகியவற்றுக்குச் சொந்தப் பணமும் உறவினர் பணமும். உறவினரிடம் வாங்கினாலும் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் வங்கி வழியாகவே வாங்க வேண்டும். ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ஒரு தாளில் தொகை, தேதி, திருப்பும் முறை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது உறவைக் காக்கும்.

அப்படியானால் ஏஞ்சல் முதலீடும் வென்ச்சர் கேப்பிட்டலும்? அவை இந்தச் செக்குக்குப் பொருந்தாதவை. காரணத்தோடு அதை எழுதுவதும் நல்ல விடையின் பகுதிதான். வென்ச்சர் நிதி நிறுவனங்கள் வட்டி வாங்குவதில்லை, பங்கு வாங்குகின்றன. சில ஆண்டுகளில் நிறுவனத்தின் மதிப்பு பல மடங்காகி, அந்தப் பங்கை வேறொருவருக்கு விற்றால்தான் அவர்களுக்கு ஆதாயம். இரண்டு செக்கு வைத்து ஒரு தாலுகாவுக்கு எண்ணெய் விற்கும் தொழிலில் அந்தப் பெருக்கத்துக்கு இடமில்லை. பெங்களூரில் 2005இல் 50 சதுர அடி இடத்தில் இட்லி, தோசை மாவு அரைத்துத் தொடங்கிய ஐடி ஃப்ரெஷ் நிறுவனத்துக்கு ஹீலியன் நிறுவனத்தின் 35 கோடி ரூபாய் முதலீடு வந்தது 2014இல். ஒன்பது ஆண்டுகள் மாவு விற்று, பல நகரங்களுக்குப் போக முடியும் என்று காட்டிய பிறகு வந்த பணம் அது. இணையம் வழியாகப் பொதுமக்களுக்குப் பங்கு கொடுத்துப் பணம் திரட்டும் கூட்டு நிதிக்கு இந்தியாவில் அனுமதி கிடையாது. முன்பணம் வாங்கிப் பின்னர் பொருள் தருவது மட்டும் நடக்கும். ஆண்டு முழுதும் மாதம் 5 லிட்டர் வாங்கும் வீடுகளிடம் ஒரு மாதப் பணத்தை முன்கூட்டி வாங்குவது சிறு நகரத்தில் சாத்தியமான கூட்டு நிதி என்று சொல்லலாம்.

கடலூர் மாவட்டத்துக்கே சொந்தமான ஓர் உதாரணத்தை இங்கே நினைவுகூர வேண்டும். 1983இல் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து வந்து, கடலூரில் 15,000 ரூபாய் சொந்தப் பணத்தில் 'சிக்' ஷாம்பு தயாரிக்கத் தொடங்கினார். அதுவே பின்னாளில் கெவின்கேர் நிறுவனமாக வளர்ந்தது. ஈடு காட்டச் சொத்து இல்லாததால் முதல் வங்கிக் கடன் கிடைக்கவே மூன்று ஆண்டுகள் ஆனதாக அவர் பேட்டியில் சொல்லியிருக்கிறார். கடைசியில் ஒரு வங்கி 25,000 ரூபாய் கொடுத்தது. அந்த மேலாளரை அசைத்த விஷயம் ஒன்றே: மற்றச் சிறுதொழில்களைப் போலன்றி இந்த நிறுவனம் வருமான வரி கட்டியிருந்தது. சொத்துப் பத்திரம் இல்லாத இடத்தில் கணக்கின் நேர்மை ஈடாக நின்றது. அந்த 25,000ஐ ஒழுங்காகச் சுழற்றியதால் வரம்பு 4 லட்சமாகி, மேலும் உயர்ந்தது.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் உத்தரவாத நிதியம் வங்கியின் நட்ட அபாயத்தில் பெரும்பகுதியை ஏற்கிறது. ஆனால் அந்த மேலாளர் பார்த்ததையேதான் இன்றைய மேலாளரும் பார்க்கிறார். நகைக் கடனும் பைக் தவணையும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறாரா என்பதைச் சிபில் காட்டிவிடும். வங்கிக் கணக்கில் வரவு செலவு ஓடியிருக்கிறதா என்று பார்ப்பார். இயந்திரத்துக்குக் கொட்டேஷன் வைத்தால் அதன் விலை சந்தை விலையோடு ஒத்துப்போகிறதா என்று விசாரிப்பார். பணத்தை இயந்திரம் விற்பவருக்கே நேராக அனுப்புவார். ஆடிட்டர் அலுவலகத்தில் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்றால் இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும். 'நேற்று விற்பனைக் கூடத்தில் கடலை என்ன விலை?' என்பது முதல் கேள்வி. 'ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ ஆகும்?' என்பது இரண்டாவது.

கடைசியாக இடர்பாடுகள். மாணவர்கள் 'போட்டி, இயற்கைச் சீற்றம், விலை ஏற்றம்' என்று பொதுவாக எழுதி முடிக்கும் இடம் இது. இந்தச் செக்கின் உண்மையான இடர் ஒன்றே ஒன்று: பருப்பு விலை. கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் லிட்டருக்கு 23 ரூபாய் கூடுகிறது. 50 ரூபாய் மிச்சம் 27 ஆகச் சுருங்குகிறது. 70,000ஐ 27ஆல் வகுத்தால் மாதம் 2,593 லிட்டர் விற்றாக வேண்டும். இரண்டு செக்கும் இடைவிடாமல் ஓடினாலும் வருவது 2,500தான். பத்து ரூபாய் ஏற்றத்தில் லாபப் புள்ளி உற்பத்தித் திறனையே தாண்டிவிடுகிறது. அறுவடைக் காலத்தில் மலிவாக வாங்கிக் குவிக்கலாம் என்றால் பணம் மேலும் முடங்கும். ஈரம் சரியாகக் காயாத பருப்பில் பூஞ்சை பிடித்து எண்ணெயே கெடும். ஆகவே 'பருப்பு விலை 10 ரூபாய் ஏறினால் எண்ணெய் விலையை அந்த வாரமே 20 ரூபாய் ஏற்றுவேன். கடையில் விலைப் பலகை வைத்து வாடிக்கையாளருக்கு அன்றைய கடலை விலையையும் காட்டுவேன். கடலை ஏறும் மாதங்களில் எள், தேங்காய் எண்ணெயின் பங்கைக் கூட்டுவேன்' என்று எழுதினால் அது திட்டம். விலை ஏறாது என்று நம்புவது திட்டம் அல்ல.

இவ்வளவும் முடிந்த பிறகே நிர்வாகச் சுருக்கம் என்ற முதல் பக்கத்தை எழுத வேண்டும். எங்கே, என்ன, யாருக்கு, எத்தனை லிட்டர், எவ்வளவு பணம், எப்போது திரும்பும் என்ற ஆறுக்கும் பதில் அப்போதுதான் கையில் இருக்கும். தேர்விலும் அதைக் கடைசியாக எழுத இடம் விட்டுவைப்பது நல்லது.

உண்மையிலேயே செக்குப் போட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் 35, 25 சதவீத மானியம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டுமே. ஏற்கெனவே ஓடும் தொழிலுக்குக் கிடையாது. விதிகளும் சதவீதங்களும் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆகவே இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கடலூர் மாவட்டத் தொழில் மையத்துக்கோ, தங்கள் மாவட்டத்து மையத்துக்கோ போய், கொட்டகை இருக்கும் இடம் ஊராட்சியா நகராட்சியா என்பதையும் இன்றைய விதியையும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.